எட்டும் எய்ட்டும், பாலும் ஹாலும்

கல்லூரிக் காலத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். தமிழுக்கும் வேறு மொழிகளுக்கும் பொதுவாகத் தெரியும் சொற்களைக் கண்ட இடத்தில் எல்லாம் அதில் எழுதிக்கொள்வேன். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் கன்னடம். இடப்பக்கத்தில் எட்டு – எய்ட், ஒன்று – ஒன், காசு – கேஷ் என்று கண்ணுக்கு நேராகத் தெரியும் ஜோடிகள் இருந்தன. வலப்பக்கத்தில் பால் – ஹாலு, புலி – ஹுலி, பெயர் – ஹெசரு என்று கொஞ்சம் விலகி நிற்கும் ஜோடிகள்.

இடப்பக்கம்தான் வலுவான சான்று என்று அப்போது நினைத்தேன். எட்டும் எய்ட்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கின்றன, பாலும் ஹாலும் அப்படி இல்லையே! இந்தக் கணிப்பு தலைகீழ் என்று புரிய வருடங்கள் ஆயின. இரண்டு சொற்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதை வைத்து உறவை அளக்க முடியாது. எவ்வளவு ஒழுங்காக வேறுபடுகின்றன என்பதுதான் கணக்கு. இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த நோட்டில் பாதிப் பக்கங்களை நிரப்பியிருக்க மாட்டேன்.

முதலில் எட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு சொற்கள் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்றால், காலத்தில் பின்னோக்கிப் போகப் போக அவை நெருங்கி வர வேண்டும். ஒரே ஊரிலிருந்து கிளம்பிய இரண்டு பேரின் தடத்தைத் திருப்பிப் பிடித்துப் போனால் இருவரும் ஒரே இடத்தில் சேர்வார்கள் இல்லையா, அது போல. எய்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள்: eight. நடுவில் gh என்று ஓசை இல்லாமல் நிற்கும் எழுத்துகள் ஒரு காலத்தில் உச்சரிக்கப்பட்டவை. பழைய ஆங்கிலத்தில் அது ஏறக்குறைய 'எஆஹ்த'. ஜெர்மனில் இன்றும் 'அஹ்ட்'. லத்தீனில் 'ஒக்தோ', கிரேக்கத்திலும் அப்படியே. சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. ஆக, அந்தப் பக்கம் பின்னோக்கிப் போனால் நடுவில் ஒரு ககர ஒலி முளைக்கிறது.

தமிழ்ப் பக்கம் என்ன ஆகிறது? எட்டு என்பதை அப்படியே விட்டுவிட்டு அதன் குடும்பத்தைப் பாருங்கள். எண்பது, எண்ணூறு, எண்திசை. கன்னடத்தில் 'எண்டு', தெலுங்கில் 'எனிமிதி'. அடிச்சொல் 'எண்' என்று தெரிகிறது. அதாவது தமிழ்ப் பக்கம் பின்னோக்கிப் போனால் நடுவில் ஒரு மெல்லின ஒலி முளைக்கிறது. ஒருபக்கம் 'ஒக்தோ', மறுபக்கம் 'எண்'. பின்னோக்கிப் போகப் போக இரண்டும் விலகிவிட்டன. இன்றைக்கு அவை சந்திப்பது தற்செயல். இரண்டு வேறு சாலைகள் ஒரு முனையில் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

ஒன்று – ஒன் ஜோடியும் இப்படியே உதிர்கிறது. பழைய ஆங்கிலத்தில் அது 'ஆன்'. ஜெர்மனில் 'ஐன்'. இன்று நாம் கேட்கும் தொடக்க வகர ஓசை பிற்பாடு ஒட்டிக்கொண்டது. 'அலோன்', 'ஒன்லி' என்ற சொற்களுக்குள்ளும் அதே 'ஒன்'தான் இருக்கிறது, அங்கே அந்த வகரம் இல்லை.

இப்படித் தற்செயலாக ஒத்துப்போவது அரிது என்று தோன்றலாம். அரிதே இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மொழியில் சொற்கள் பதினைந்து வகை ஒலிகளில் ஒன்றில் தொடங்குகின்றன, எல்லா ஒலிகளும் சம அளவில் வருகின்றன என்று எளிமைக்காக வைத்துக்கொள்வோம். சம்பந்தமே இல்லாத இரண்டு மொழிகளில் ஆயிரம் பொருள்களுக்கான சொற்களை ஒப்பிட்டால், முதல் ஒலி மட்டும் பொருந்தும் ஜோடிகள் அறுபதுக்கு மேல் கிடைக்கும். சரியாக அதே பொருள் வேண்டாம், பக்கத்துப் பொருளானாலும் பரவாயில்லை என்று தளர்த்தினால் அது நூறுகளில் போகும். அவற்றில் இரண்டாவது ஒலியும் பொருந்துபவை ஒரு பத்து இருபதாவது தேறும். ஒரு பட்டியல் போடுவதற்கு அது போதும். உண்மையில் நடந்ததும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பழங்குடி மொழிகளில் ஒன்றான ம்பாபரமில் நாய்க்குப் பெயர் 'டாக்'. ஆங்கிலேயரிடம் வாங்கியது இல்லை. பக்கத்து மொழிகளின் சொற்களோடு ஒப்பிட்டு, 'குடக' போன்ற ஒரு பழைய வடிவம் தேய்ந்து அப்படி ஆனதென்று காட்டியிருக்கிறார்கள். பாரசீகத்தில் 'பத்' என்றால் கெட்ட என்று பொருள், ஆங்கில 'பேட்' போலவே. அவற்றுக்கும் எந்த உறவும் இல்லை.

அம்மா, அப்பா வகைச் சொற்களை நான் ஒப்பீட்டுக்கே எடுப்பதில்லை. கொரியனில் அப்பாவை 'அப்பா' என்கிறார்கள் என்று யாராவது வருடத்துக்கு ஒருமுறை அனுப்பிவிடுகிறார்கள். குழந்தை முதலில் எழுப்பும் ஒலிகள் உதட்டை மூடித் திறக்கும் ம, ப, ப்ப. அந்த ஒலிகளைத் தன்னைத்தான் கூப்பிடுவதாகப் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொள்வதால் உலகம் முழுக்க இப்படிப்பட்ட சொற்கள் திரும்பத் திரும்பப் பிறக்கின்றன. காகம், குயில் போல ஒலியைப் பின்பற்றிப் பிறந்த பெயர்களும் அதே கணக்கில்தான் சேரும்.

அப்புறம் வலப்பக்கம். அங்கேதான் எனக்கு இன்றும் சிலிர்ப்பு.

பால் – ஹாலு. பல் – ஹல்லு. பத்து – ஹத்து. பூ – ஹூ. புலி – ஹுலி. பெண் – ஹெண்ணு. பன்றி – ஹந்தி. பாம்பு – ஹாவு. பகல் – ஹகலு. போ – ஹோகு. இது நீண்டுகொண்டே போகும். தமிழில் சொல்லின் தொடக்கத்தில் ப் இருக்கும் இடத்தில் கன்னடத்தில் ஹ் இருக்கிறது. தமிழ் மட்டும் இல்லை, மலையாளமும் தெலுங்கும் தமிழின் பக்கமே நிற்கின்றன. பாலுக்குத் தெலுங்கில் 'பாலு', மலையாளத்தில் 'பால்'. கன்னடத்தின் பழைய நூல்களிலும் கல்வெட்டுகளிலும் பார்த்தால் அங்கேயும் 'பால்', 'பூ', 'புலி' என்றே இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டின் கவிராஜமார்க்கம் என்ற கன்னட நூலில் ப்தான். சுமார் 10ஆம் நூற்றாண்டு தொடங்கி, சில நூற்றாண்டுகளில், சொல்லின் முதலில் நின்ற ப் ஹ் ஆனது. பம்பா என்ற பழைய பெயர் ஹம்பி ஆனதும் இந்த மாற்றத்தில்தான். கன்னடத்தின் ஆதிகவியான பம்பனின் பெயர் மட்டும் ஏடுகளில் பழைய வடிவிலேயே தங்கிவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது, மாற்றம் ஒரு சொல்லுக்கு ஒரு விதமாக நடக்கவில்லை என்பது. குறிப்பிட்ட இடத்தில் நின்ற ஒலி, எந்தச் சொல்லில் இருந்தாலும், ஒரே விதமாக மாறியது. இடம் வேறானால் மாறவும் இல்லை. உப்பு கன்னடத்திலும் உப்புதான். தப்பு தப்புதான். இரட்டித்து நின்ற ப்ப் அசையாமல் இருந்துகொண்டது. இப்படி 'இங்கே மாறும், அங்கே மாறாது' என்று நிபந்தனையோடு பொருந்துவதைத் தற்செயல் தர முடியாது. எட்டு – எய்ட் ஜோடியை வைத்து நான் அடுத்த சொல்லை ஊகிக்க முடியாது. பால் – ஹாலுவை வைத்து ஊகிக்கலாம்.

அப்படி ஊகித்து மகிழ்ந்த ஒரு சொல்லைச் சொல்கிறேன். கன்னடத்தில் இன்னும் இரண்டு ஒழுங்குகள் உண்டு. தமிழில் தொடக்கத்தில் வ் வரும் இடத்தில் அங்கே 'பஸ்' என்பதில் ஒலிக்கிற ப வருகிறது. வேர் அங்கே 'பேரு', வில் அங்கே 'பில்லு', வாய் அங்கே 'பாயி', எல்லாம் அந்தப் பஸ்-ப. இரண்டாவது, தமிழில் உயிர்களுக்கு நடுவே ய் நிற்கும் சில சொற்களில் அங்கே ஸ் நிற்கும். பெயர் – ஹெசரு, உயிர் – உசிரு. கன்னடத்தில் உசிரு என்றால் மூச்சு. சரி, இப்போது தமிழில் வயிறு. வ் பஸ்-ப ஆக வேண்டும், ய் ஸ் ஆக வேண்டும். 'பசிறு' மாதிரி ஒன்று இருக்க வேண்டும் என்று தாளில் எழுதினேன். பிறகு அகராதியைத் திறந்தேன். 'பசிரு' இருந்தது. வயிறு, கருப்பை என்று பழைய பொருள்கள், கர்ப்பம் என்று இன்றைய பொருள். கர்ப்பிணியைப் 'பசுரி' என்கிறார்கள். வயிறும் பசிருவும் கேட்க ஒன்றுபோலவே இல்லை. ஆனால் ஒரு ஒலி மிச்சமில்லாமல் கணக்கு நேராகிறது.

பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் இப்படி ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட உருப்படிகள் இருக்கின்றன. முதல் பதிப்பு 1961, திருத்திய இரண்டாம் பதிப்பு 1984. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். ஒரு சொல்லைத் தட்டினால் எல்லாத் திராவிட மொழிகளிலும் அதன் உறவுகள் வரிசையாக வந்து நிற்கும்.

இரவல் சொற்களும் இதே ஒழுங்கில் அகப்பட்டுவிடுகின்றன. பக்கத்து இருக்கையில் வேலை செய்த கன்னட நண்பர் ஒருநாள் "பென்னு கொடி" என்றார். ஒரு நொடி எனக்குப் பெண் என்றே கேட்டது. ஆனால் பெண் கன்னடத்தில் ஹெண்ணு ஆகிவிட்டதே! ப் மாறாமல் நிற்கிறது என்றால் அந்தச் சொல் மாற்றம் முடிந்த பிறகு உள்ளே வந்திருக்க வேண்டும். அவர் கேட்டது பேனா. ஆங்கிலப் 'பென்'தான் பென்னு.

அன்றிலிருந்து கன்னடத்தில் ப் எழுத்தில் தொடங்கும் சொற்களைக் கண்டாலே நின்று பார்க்கிறேன். புஸ்தக, பூஜெ, பாப, பத்ர என்று பெரும்பாலும் சமஸ்கிருதத்திலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ வந்தவையாக இருக்கின்றன. ஒரு பழைய ஒலிமாற்றம் மொழிக்கு ஒரு வாசற்கதவு மாதிரி. அது திறந்திருந்தபோது உள்ளே இருந்த எல்லோருக்கும் முத்திரை குத்தப்பட்டது. கதவு அடைத்த பின் வந்தவர்களுக்கு முத்திரை இல்லை.

ஆனால் இந்தக் கதவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதில்தான் அவசரப்படுகிறவர்கள் வழுக்குகிறார்கள். முத்திரை இருந்தால் பரம்பரைச் சொல், இல்லாவிட்டால் இரவல் என்று சொல்லிவிட முடியாது. கன்னடத்தில் பசுவுக்கு 'ஹசு'. பறவைக்கு 'ஹக்கி'. பண்டிகைக்கு 'ஹப்ப'. மூன்றிலும் ஹ் முத்திரை இருக்கிறது. மூன்றுமே இரவல்! பசு, பக்ஷி, பர்வ என்ற வடமொழிச் சொற்கள் மாற்றத்துக்கு வெகுகாலம் முன்பே கன்னடத்துக்குள் வந்து, 'பசு', 'பக்கி', 'பப்ப' என்று இருந்து, மற்ற சொற்களோடு சேர்ந்து ஹ் ஆகிவிட்டன. அதே வடமொழிச் சொற்கள் பிற்பாடு படித்தவர்கள் வழியாக இன்னொரு முறையும் வந்தன. அதனால் கன்னடத்தில் ஹசுவும் உண்டு, பசுவும் உண்டு. ஹக்கியும் உண்டு, பக்ஷியும் உண்டு. ஹப்பவும் உண்டு, பர்வவும் உண்டு. ஒரே சொல் இரண்டு தடவை வீட்டுக்குள் வந்து, இரண்டு பெயரில் குடியிருக்கிறது.

அப்படியானால் ஹசு இரவல் என்று எதைவைத்துச் சொல்கிறோம்? ஒலி மட்டும் போதாது, மற்றப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பசு என்ற சொல்லுக்கு வடமொழியின் உறவு மொழிகளில் பழைய சுற்றம் இருக்கிறது. லத்தீனில் கால்நடைக்குப் 'பெகு' என்று பெயர், அது அதே மூலத்திலிருந்து வந்தது. ஒரு சொல்லுக்கு எந்தக் குடும்பத்தில் ஆழமான வேர் இருக்கிறதோ அங்கிருந்து மற்றதற்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். உள்ளிருந்து பார்த்தாலும் தெரியும். பரம்பரைச் சொல் தன் மொழியில் உறவுக்காரர்களோடு இருக்கும், பிரித்தால் பொருள் தரும். கட்டுமரம் தமிழில் கட்டு, மரம் என்று பிரியும். ஆங்கிலத்துக்குப் போன 'கேட்டமரான்' அங்கே எப்படிப் பிரித்தாலும் பொருள் தராது. எது கொடுத்தது, எது வாங்கியது என்பதற்கு இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது.

எதிர்ப்பக்கத்துப் பொறியும் உண்டு. கன்னடத்தில் 'ஹக்கு' என்றால் உரிமை. ஹ் இருக்கிறதே என்று அதைப் 'பக்கு' ஆக்கி, தமிழில் அதற்கொரு உறவு தேடக் கிளம்பினால் எங்கும் போய்ச் சேர முடியாது. அது அரபியின் 'ஹக்', பாரசீகம் வழியாக வந்தது, வரும்போதே ஹ் வைத்துக்கொண்டு வந்தது. அதனால் ஹ்-இல் தொடங்கும் கன்னடச் சொல்லைப் பார்த்ததும், பழைய கன்னடத்தில் அது ப் ஆக இருந்ததா, தெலுங்கிலும் தமிழிலும் ப் இருக்கிறதா என்று இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

அடிப்படைச் சொற்கள் இரவலாக வராது என்று ஒரு பேச்சு உண்டு. உடலுறுப்பு, எண், நான் – நீ மாதிரிச் சொற்கள் எளிதில் மாறாது என்பது பெரும்பாலும் சரி. ஆனால் அதை மட்டும் நம்பி நிற்க முடியாது. ஆங்கிலத்தின் 'தே', 'தெம்' இரண்டும் வடக்கிலிருந்து வந்த நோர்ஸ் மொழியிலிருந்து வாங்கியவை. ஜப்பானியர் அன்றாடம் எண்ணும் எண்களில் பெரும்பகுதி சீனத்திலிருந்து வந்தது.

பொருள் பிசகுகிற சொற்களையும் சொல்லவேண்டும். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர், நமக்கு அது ஊரை அழிப்பது. கன்னடத்தில் 'மனெ' வீடு, நம் பத்திரங்களில் மனை என்பது வீடு கட்டும் நிலம். இவை கேட்பவரை ஏமாற்றும் சொற்கள், ஆனால் உறவில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஒலி கணக்கு நேர், பொருள்தான் ஆளுக்கொரு திசையில் நகர்ந்திருக்கிறது. இன்னொரு வகை, இரு மொழிகளும் மூன்றாவது மொழியிடம் வாங்கி வேறு வேறு பொருளில் வைத்துக்கொண்டவை. 'சிக்ஷா' இந்தியில் கல்வி, மலையாளத்தில் தண்டனை, நம் சிட்சையும் அப்படியே. 'உபன்யாஸ்' இந்தியில் நாவல், நமக்கு உபன்யாசம் சொற்பொழிவு. பொருள் ஒத்துப்போகாததை வைத்து உறவு இல்லை என்று முடிவு கட்டக்கூடாது, பொருள் ஒத்துப்போவதை வைத்து உறவு உண்டு என்றும் முடிவு கட்டக்கூடாது. ஒலி ஒழுங்கு முதலில் பேசட்டும். பொருள் எப்படி நகர்ந்தது என்று அதற்குப் பிறகு விளக்கிக்கொள்ளலாம். இந்த வரிசையை மாற்றிக்கொண்டால் எதையும் எதோடும் சேர்த்துவிடலாம்.

அந்த நோட்டை சில மாதங்களுக்கு முன் திரும்ப எடுத்து, பென்சிலால் ஒவ்வொரு ஜோடிக்கும் எதிரே குறித்துக்கொண்டே வந்தேன். வலப்பக்கத்தில் பெரும்பகுதி நின்றது. ஹசுவையும் ஹக்கியையும் மட்டும் வட்டம் போட்டு 'வாங்கியது' என்று எழுதினேன். இடப்பக்கம் ஏறக்குறைய முழுக்கக் கோடு விழுந்தது. ஒரு ஜோடியில் மட்டும் பென்சில் நின்றுவிட்டது: காசு – கேஷ்.

ஆங்கிலத்தில் பணத்தைக் குறிக்கும் கேஷ், பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளில் பணப்பெட்டியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் முன்னால் லத்தீனின் 'கப்ஸா', பெட்டி. நம் காசோடு எந்தத் தொடர்பும் இல்லை, எட்டு – எய்ட் போலத் தற்செயல். கோடு போடலாம். ஆனால் நல்ல ஆங்கில அகராதியைத் திறந்தால் கேஷ் என்று இரண்டாவது தனிப் பதிவு ஒன்று இருக்கிறது. கீழை நாடுகளின் சிறு நாணயங்களை, குறிப்பாக நடுவில் துளையிட்ட சீனச் செப்பு நாணயத்தை, ஐரோப்பிய வணிகர்கள் அழைத்த பெயர். போர்த்துக்கீசியரின் 'கைஷா' வழியாக அங்கே போனது. போர்த்துக்கீசியர் அதை எடுத்தது தமிழின் காசிலிருந்து. எழுத்தும் ஒலியும் ஒன்றேயான இரண்டு ஆங்கிலச் சொற்கள், ஒன்று நமக்குச் சம்பந்தமே இல்லாதது, மற்றது நம்மிடம் வாங்கியது. அந்த வரிக்குக் கீழே இடம் போதவில்லை. பக்கத்தின் ஓரத்தில் காசை இன்னொரு முறை எழுதி, ஒன்றுக்குக் கோடும் மற்றதற்கு வட்டமும் போட்டேன்.